பே ஸ்லிப்பில் பழைய பேசிக்: திருத்தம் கேட்பது எப்படி?

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால் வங்கி பொதுவாகக் கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், ஃபார்ம் 16 ஆகியவற்றைக் கேட்கும். பதவி உயர்வுக் கடிதம் கொடுத்திருந்தால் அதையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பலருக்குச் சிக்கல் தொடங்குவது அங்கேதான். கடிதத்தில் புதிய பதவி இருக்கும். பே ஸ்லிப்பிலோ பழைய பதவியே தொடரும். பதவி உயர்வு வந்த மாதத்தில் சம்பளப் பிரிவு மொத்தத் தொகையை மட்டும் கூட்டிவிட்டு, மற்ற விவரங்களை அப்படியே விட்டுவிடுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மேற்பார்வையாளராக இருந்த ஒருவர் ஏப்ரலில் உதவி மேலாளராகிறார். கடிதத்தின்படி அவருடைய பேசிக் 28,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி 11,200, சிறப்புப் படி 16,800; மொத்தம் 56,000. பே ஸ்லிப்பிலும் மொத்தம் 56,000தான். ஆனால் பேசிக் பழைய 22,000 ஆகவும், வாடகைப் படி 8,800 ஆகவும் நிற்கின்றன. மீதி 25,200 சிறப்புப் படியில் போய் உட்கார்ந்திருக்கிறது. மொத்தம் சரியாக இருந்ததால் அவர் கவனிக்கவில்லை. ஜூலையில் வங்கி கேட்கிறது: எது உண்மை?

இங்கே இரண்டு பிழைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் மருந்து வேறு. பதவிப் பெயர் வெறும் அச்சுப் பிழை. அதைத் திருத்தினால் ஒரு ரூபாய்கூட நகராது. எனவே ஏப்ரல் முதலான பே ஸ்லிப்புகளைத் திருத்தித் தரும்படி தயங்காமல் கேட்கலாம்.

பேசிக் அப்படியில்லை, அதைத் தொட்டால் பி.எஃப். நகரும். நிறுவனம் முழு பேசிக்குக்கும் 12 சதவீதம் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், 22,000க்குப் பிடித்தது 2,640. 28,000க்குப் பிடித்திருக்க வேண்டியது 3,360. மாதம் 720 ரூபாய் குறைவு. நிறுவனத்தின் பங்கிலும் அதே குறைவு. இந்த நிலையில் பழைய மாதங்களின் பே ஸ்லிப்பை 28,000 என்று மாற்றி அச்சடித்து வாங்கினால், அதில் கைக்கு வரும் தொகை 720 ரூபாய் குறைந்துவிடும். வங்கிக் கணக்கில் வரவானதோ பழைய தொகை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய் இன்னொரு கேள்வியை நாமே உண்டாக்கியதாகிவிடும். பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்தால் அங்கேயும் 2,640தான் இருக்கும்.

ஆகவே பேசிக்கைப் பொறுத்தவரை, அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து சரிசெய்து, விடுபட்ட மாதங்களின் பி.எஃப். வித்தியாசத்தை நிறுவனம் தனியாகக் கட்டுவதே நேர்வழி. நடந்ததை விளக்கி நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் வேண்டும். 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் பி.எஃப். பிடிக்கும் நிறுவனமென்றால் கவலை குறைவு: பேசிக் எதுவானாலும் பிடித்தம் 1,800தான், கைக்கு வரும் தொகை பொதுவாக மாறாது.

ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1952ஆம் ஆண்டின் பி.எஃப். திட்டத்தின் 32ஆம் பத்தியின்படி, பிடிக்கத் தவறிய மாதத்துக்கான ஊழியர் பங்கைப் பின்னாளில் சம்பளத்திலிருந்து இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. எழுத்துப் பிழையால் விடுபட்டதென்றால்கூட ஆய்வாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. தாமதத்துக்கு வட்டியும் நிறுவனத்தின் தலையில் விழும். மனிதவளப் பிரிவு இழுத்தடிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதற்குத் தடம் இருக்காது. இப்படி எழுதலாம்:

"ஐயா, ஏப்ரல் மாதப் பதவி உயர்வுக் கடிதத்தின்படி என் பதவி உதவி மேலாளர், பேசிக் 28,000 ரூபாய். ஏப்ரல், மே, ஜூன் பே ஸ்லிப்புகளில் மேற்பார்வையாளர், 22,000 என்று உள்ளது. என் வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் வங்கி இதற்கு விளக்கம் கேட்டுள்ளது. பதவிப் பெயரைத் திருத்தி அந்த மூன்று மாத பே ஸ்லிப்புகளையும், பேசிக் வித்தியாசம் எப்படி ஏற்பட்டது, எந்த மாதத்திலிருந்து சரிசெய்யப்படுகிறது என்று விளக்கும் கடிதத்தையும் தரக் கேட்டுக்கொள்கிறேன். விடுபட்ட பி.எஃப். தொகை குறித்தும் தெரிவிக்கவும்."

பதவி உயர்வுக் கடிதம், மூன்று பே ஸ்லிப்புகள், வங்கி அனுப்பிய கேள்வி ஆகியவற்றை இணையுங்கள். நிறுவனத்தின் பணியாளர் பதிவேட்டிலும் புதிய பதவி ஏறிவிட்டதா என்று கேளுங்கள். கடன் கொடுப்பவர்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியோ ஆள் அனுப்பியோ சரிபார்ப்பதுண்டு. அப்போது எடுத்துப் பேசுகிறவர் பழைய பதவியைச் சொன்னால், கையிலுள்ள காகிதம் உதவாது.

அவசரத்தில் சிலர் பே ஸ்லிப் கோப்பைத் தாங்களே திருத்திவிடுகிறார்கள். விவரம் உண்மையாகவே இருந்தாலும் அது போலி ஆவணம்தான். கடன் மறுக்கப்படுவதோடு வேலையும் வழக்கும் சேர்ந்து சிக்கலாகும்.

விளக்கக் கடிதம் வரத் தாமதமானால் வங்கி அதிகாரியிடம் அதைச் சொல்லி, அனுப்பிய மின்னஞ்சலின் நகலைக் கொடுத்து அவகாசம் கேளுங்கள். மாதா மாதம் வரவான தொகையும் பே ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகையும் ஒத்திருக்கும்வரை, சம்பளம் உண்மையானது என்பதற்கு அதுவே வலுவான சான்று. திருத்தம் நடந்தபின் அடுத்த மாதப் பங்களிப்பு பி.எஃப். பாஸ்புக்கில் 3,360 என்று ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தையும் வங்கிக்கு அனுப்பிவிடலாம்.