பால் கவர் எந்தத் தொட்டிக்கு?

குடியிருப்போர் நலச் சங்கங்கள் மாடிப்படியருகே ஒட்டும் குப்பை அறிவிப்பில் பெரும்பாலும் இரண்டே வரிகள் இருக்கும்: ஈரக் குப்பை பச்சைத் தொட்டியில், உலர் குப்பை நீலத் தொட்டியில். படிக்க எளிதுதான். காலிப் பால் கவரைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிகளின் முன் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கவர் நனைந்திருக்கிறது, இன்னும் இரண்டு சொட்டுப் பால் வடிகிறது. அது ஈரக் குப்பையா, உலர் குப்பையா?

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. ஈரக் குப்பை என்ற பெயர் தண்ணீர் பட்ட எல்லாவற்றையும் குறிப்பதில்லை. மழையில் நனைந்த செருப்பு உலர் குப்பைதான். காய்ந்து சருகாகிப்போன வாழை இலை ஈரக் குப்பைதான். ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று மாநகராட்சிகள் சொல்வது இதைவிடத் தெளிவு. ஆனால் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. செய்தித்தாள் மக்கும், அட்டைப்பெட்டி மக்கும், பருத்தித் துணியும் மக்கும். இருந்தும் இவற்றின் இடம் நீலத் தொட்டி. காரணம், தொட்டிகள் பிரிக்கப்பட்டிருப்பது குப்பை அடுத்துப் போய்ச் சேரும் இடத்தை வைத்து. பச்சைத் தொட்டியில் இருப்பது எருக்குழிக்குப் போகிறது. நீலத் தொட்டியில் இருப்பது பழைய பேப்பர் கடைக்கும், அங்கிருந்து ஆலைக்கும் போகிறது. ஆகவே சந்தேகம் வரும்போது கேட்க வேண்டிய கேள்வி, ‘இது குழிக்கா, கடைக்கா?’ என்பதே.

இப்படிக் கேட்டால் பால் கவருக்கு உடனே விடை கிடைத்துவிடும். அது பாலித்தீன், குழியில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் எருவாகாது. பழைய பேப்பர் கடையில் அதற்கு விலை உண்டு, ஆனால் சுத்தமாக இருந்தால்தான். பால் ஒட்டிய கவர் ஒரே நாளில் புளித்து நாறும். அருகில் உள்ள காகிதத்தில் அந்தப் பிசுக்கு ஏறினால் காகிதமும் விலை போகாது. ஆகவே கவரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, குழாய் மேலோ கொடியிலோ கவிழ்த்துப் போட்டுக் காய்ந்தபின் நீலத் தொட்டியில் சேர்க்க வேண்டும். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். கவரின் மூலையை வெட்டும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. முழுவதும் வெட்டி எடுத்தால் அந்தச் சின்ன முக்கோணத் துண்டு காய்கறித் தோலோடு சேர்ந்து பச்சைத் தொட்டிக்குப் போய்விடும். பிறகு எவராலும் அதைப் பொறுக்க முடியாது. ஓர் ஓரம் ஒட்டியிருக்கும்படி வெட்டினால் துண்டு கவரோடே போகும்.

நீலத் தொட்டிக்குப் போகும் மற்றவற்றுக்கும் இதே முறைதான். தயிர் டப்பா, எண்ணெய் பாக்கெட், ஓட்டலிலிருந்து வந்த சாம்பார் பாக்கெட் எல்லாம் அலசிக் காயவைத்துப் போட வேண்டியவை. சாப்பாடு ஒட்டிப் பிசுபிசுத்த காகிதத்தைக் கடைக்காரர் எடுக்க மாட்டார். அது குழிக்கு உரியது. கை துடைத்த டிஷ்யூவும் அப்படியே. சிப்ஸ், பிஸ்கட் உறைகள் வேறு வகை. பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒன்றாக ஒட்டிய அடுக்குகள் என்பதால் அவற்றைப் பிரித்து உருக்குவது கடினம், கடைகளும் வாங்குவதில்லை. இருந்தாலும் நீலத் தொட்டியிலேயே போட வேண்டும். பல ஊர்களில் இவற்றைத் தனியே சேர்த்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். நீலத் தொட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் திறக்கக்கூட வேண்டியதில்லை. தூக்கிப் பார்த்தால் போதும். உலர் குப்பைப் பை பெரிதாகவும் எடை குறைவாகவும் இருக்கும், நாற்றம் இருக்காது. கை இழுத்தால் உள்ளே சோறு இருக்கிறது என்று பொருள்.

இரண்டு வரி அறிவிப்பு சொல்லாமல் விடும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. பேட்டரி, குழல்விளக்கு, காலாவதியான மாத்திரை, ஊசி, பெயிண்ட் டப்பா ஆகியவை வீட்டு அபாயக் கழிவு. இவற்றைத் தனியே சேர்த்துவைத்துத் தனியே கொடுக்க வேண்டும். சானிட்டரி நாப்கினையும் குழந்தைகளின் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பெரிய புள்ளி வைத்துத் தனியாகக் கொடுக்கும் வழக்கம் பல குடியிருப்புகளில் இருக்கிறது. குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் அந்தப் பொட்டலத்தைத் திறக்காமலே ஒதுக்கிவிட முடியும். உடைந்த கண்ணாடியைத் தடித்த அட்டையில் சுற்றி அப்படியே எழுதி ஒட்டுவதும் இதற்காகத்தான்.

பச்சைத் தொட்டியில் நடக்கும் பெரிய தவறு, அதற்குள் விரிக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பை. உள்ளே இருப்பது சரியாகவே இருந்தாலும், பணியாளர் ஒவ்வொரு பையையும் கையால் கிழித்துக் கொட்ட வேண்டியிருக்கிறது. பழைய செய்தித்தாளை இரண்டு மடிப்பாக விரித்தால் அதுவே நீரை உறிஞ்சும், குப்பையோடு குழிக்கும் போகும். ‘மக்கும் பை’ என்று அச்சிட்டு விற்பவையும் சிறு குழிகளில் உதவுவதில்லை. அவற்றில் பல, பெரிய உரக்கூடங்களில் இருக்கும் நீடித்த வெப்பத்தில்தான் சிதைகின்றன. ரசமும் மோரும் தொட்டிக்கு வேண்டாம், வடித்துவிட்டுச் சக்கையை மட்டும் போட வேண்டும்.

ஏன் இத்தனை கண்டிப்பு என்பது குழியருகே போனால் விளங்கும். 40 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 700 கிராம் ஈரக் குப்பை என்றால் நாளுக்கு 28 கிலோ. காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை மட்டும் குவித்தால் நீர் இறுகிக் காற்று புகாது, காற்றில்லாத இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் பெருகி அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். ஆகவே இரண்டு கூடை ஈரக் குப்பைக்கு ஒரு கூடை சருகோ தென்னை நார்த்தூளோ கலப்பது வழக்கம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிவது சரியான பதம். ஒழுகினால் சருகு போதவில்லை. உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். மூக்கைச் சுள்ளென்று தாக்கும் அமோனியா நெடி வந்தாலும் மருந்து சருகுதான். குவியல் நன்றாக வேலை செய்யும்போது நடுவில் கை வைக்க முடியாதபடி சுடும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் ஒன்றரை இரண்டு மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். 28 கிலோ குப்பை ஏறக்குறைய ஐந்தாறு கிலோ எருவாகச் சுருங்கியிருக்கும்.

அதைச் சலிக்கும்போது, இரண்டு மாதத்துக்கு முன் வீடுகளில் நடந்த தவறுகள் எல்லாம் சல்லடையின் மேல் வந்து நிற்கும். பூச்சரம் கட்டிய நைலான் நூல், கொத்தமல்லிக் கட்டின் ரப்பர் பேண்டு, டீத்தூள் பையின் பிசின், ஆப்பிள்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர், பால் கவரின் முக்கோண மூலை. இவற்றைப் பொறுக்கி எறிய வேண்டியதுதான். வாழைநாரில் கட்டிய பூவாக இருந்தால் நார் இருந்த இடமே தெரியாது. மாங்கொட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் சல்லடையில் தங்கும், ஆனால் அவை தவறான இடத்துக்கு வந்தவை அல்ல, மெதுவாக மக்குபவை. அவற்றை அடுத்த குவியலின் அடியில் போட்டுவிடலாம். இடையே காற்று புக அவை வழி விடும்.