சந்தைக்கு முன் – 6: கத்தரியின் பளபளப்பைப் படத்தில் படித்தல்

கத்தரிக்காயைப் படம் பார்த்துத் தரம் பிரிப்பது மற்றக் காய்களைவிடச் சிரமமானது. தக்காளியில் அடிபட்ட இடம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். வெண்டையில் உரசிய விளிம்பு கறுத்துவிடும். ஊதாக் கத்தரியின் தோலோ ஏற்கெனவே கருமையானது. உள்ளே சதை நசுங்கிப் பழுப்பேறினாலும் வெளியே தோலின் நிறம் அதை மூடிவிடுகிறது. ஆகவே கத்தரியில் நிறத்தைத் தேடுவதைவிடத் தோலின் பளபளப்பைத் தேடுவதே பயன் தரும். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் தவிர்க்க நினைக்கும் அந்த ஒளிப்புள்ளிதான் காயின் நிலையை அதிகம் சொல்கிறது.

பறித்த உடனே கத்தரியின் தோல் மெழுகுப்பூச்சோடு இறுகி வழவழப்பாக இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் அதன்மேல் பட்டால், கூரான விளிம்போடு ஒரே நீண்ட கோடாகத் தெறிக்கும். காய் நீரை இழக்கத் தொடங்கியதும் தோலுக்குக் கீழே உள்ள செல்களின் விறைப்பு குறைகிறது. கண்ணுக்குச் சுருக்கம் தெரிவதற்கு முன்பே தோலில் மிக நுண்ணிய மேடுபள்ளங்கள் விழுகின்றன. அப்போது அதே ஒளிக்கோடு அகன்று, விளிம்பு மங்கி, பல துண்டுகளாக உடைந்து தெரியும். அடிபட்ட காயில் நடப்பது வேறு. அங்கே கோடு மங்காது. பள்ளம் விழுந்த இடத்தில் மட்டும் திடீரென வளையும், அல்லது தட்டையான ஒரு திட்டாகப் பரவும். கோடு முழுதும் மங்கினால் வாடல், ஓரிடத்தில் மட்டும் வளைந்தால் அடி என்பது பெரும்பாலான காய்களைப் பிரித்துவிடும் முதல் விதி.

மங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முற்றிய கத்தரியும் பளபளப்பை இழக்கும். விதைகள் கெட்டியாகி, தோல் செம்பழுப்பாகவோ மஞ்சளாகவோ திரும்பத் தொடங்கும். சமையலில் இரண்டின் குறையும் வேறு வேறு. வாடிய காயை மலிவாக விற்கலாம், முற்றிய காயை வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். இரண்டையும் படத்திலேயே பிரிக்க உதவுவது காம்பைச் சுற்றிய பச்சைப் புல்லி. கத்தரி இழக்கும் நீரில் பெரும்பங்கு அந்தப் புல்லி வழியாகத்தான் வெளியேறுகிறது. அதனால் வாடும் காயில் முதலில் காய்வது அதுதான். அதன் ஓரங்கள் பழுப்பாகிச் சுருண்டு, தோலிலிருந்து சற்றே தூக்கி நிற்கும். முற்றிய காயிலோ தோல் மங்கியிருந்தாலும் புல்லி பச்சையாக, விறைப்பாக ஒட்டியிருக்கும். ஆகவே புல்லி தெரியாமல் எடுத்த கத்தரிப் படம் பாதிப் படம்தான். ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. பழுத்த வாழையோடும் பழுத்த தக்காளியோடும் ஒரே அறையில் வைத்த கத்தரியில், அவை விடும் எத்திலீன் வாயுவால் புல்லி முன்கூட்டியே பழுப்பாகி உதிரும். அப்படிப்பட்ட காயில் தோல் இன்னும் மினுங்கும். புல்லி மட்டும் கெட்டு ஒளிக்கோடு கூராக இருந்தால், காயை எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இதையெல்லாம் படம் காட்ட வேண்டுமென்றால் வெளிச்சம் சரியாக அமைய வேண்டும். மண்டியில் இரவு நேரத்துச் சோடியம் விளக்கின் கீழ் எடுத்த படம் எதற்கும் உதவாது. அந்த மஞ்சள் ஒளியில் ஊதா கருப்பாகவும் பச்சைப் புல்லி பழுப்பாகவும் தெரியும். நல்ல காயும் வாடியதுபோல் தோன்றும். செல்போனின் ஃபிளாஷ் கேமராவுக்கு நேரெதிரே வெள்ளைப் பொட்டைத் தெறிக்கச் செய்து, அந்த இடத்தில் உள்ள குறையை அழித்துவிடும். நல்ல வழி இரண்டு படம் எடுப்பது. ஒன்று, காலை நேரத் திண்ணை நிழலில், பரவிய வெளிச்சத்தில். நிறம், புள்ளி, அழுகல் இதில் தெரியும். இன்னொன்று, ஒரே ஒரு கதவோ சன்னலோ திறந்திருக்கும் இடத்தில், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி. ஒளிக்கோடு இதில் தெரியும்.

பின்னணியும் படத்தை ஏமாற்றும். கேமரா தானாக வெளிச்சத்தைச் சரிசெய்வதால், வெள்ளைத் துணிமேல் வைத்த கத்தரி கரிக்கட்டைபோல் இருண்டு விவரம் மறையும். சட்டம் முழுவதும் காயாகவே நிரம்பினால் எதிர்மாறாக நடக்கும். கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, ஊதாவைச் செம்பழுப்பாக்கி, இளங்காயை முற்றியதுபோல் காட்டும். நீலத் தார்ப்பாயின் நிறம் மினுங்கும் தோலில் அப்படியே பிரதிபலிக்கும். இடைநிலை நிறமுள்ள கோணிச் சாக்கே இதற்கு ஏற்ற விரிப்பு. அதன் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் வைத்தால், படம் பார்ப்பவர் அந்தக் காகிதம் மஞ்சளாகத் தெரிகிறதா நீலமாகத் தெரிகிறதா என்று பார்த்து, காயின் நிறத்தை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்யலாம். அருகே ஒரு அளவுகோல் இருந்தால் புள்ளியின் அளவும் தெரியும்.

எவ்வளவு கிட்டத்திலிருந்து எடுப்பது என்பதும் கணக்குப் போட்டுத் தீர்மானிக்க வேண்டியது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளவாக்கில் ஏறத்தாழ 1,600 புள்ளிகளாகச் சுருங்குகிறது. 60 சென்டிமீட்டர் நீளமுள்ள முழு கிரேட்டையும் ஒரே படத்தில் அடக்கினால் ஒரு சென்டிமீட்டருக்கு 27 புள்ளிகள்தான் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் புழுத்துளை 8 புள்ளி அகலத்தில் கறுப்புக் கறையாகத் தெரியும்; அது துளையா, ஒட்டிய மண்ணா என்று சொல்ல முடியாது. 20 சென்டிமீட்டர் பரப்பை மட்டும் எடுத்தால் அதே துளை 24 புள்ளியாகும். விளிம்பும் உள்ளே உள்ள புழுவின் கழிவும் தெரியும். படத்தை ‘டாக்குமென்ட்’டாக அனுப்பினால் சுருக்கம் நடக்காது.

தொடக்க அழுகலைக் கண்டுபிடிக்க இந்தக் கிட்டப் படமே கைகொடுக்கும். கத்தரியில் அதிகம் காணப்படும் ஃபோமாப்சிஸ் காயழுகல், வெளிறிய, சற்றே குழிந்த வட்டமாகத் தொடங்குகிறது. வட்டம் பெரிதாகும்போது அதன்மேல் பூஞ்சையின் கறுப்புப் பொட்டுகள் வளையம் வளையமாக எழும். அடிபட்ட திட்டில் அந்தப் பொட்டுகள் இராது, விளிம்பும் ஒழுங்கான வட்டமாக இராது. பாக்டீரிய அழுகல் வேறுவிதம்: ஈரம் ஊறியதுபோல் கருத்து, தோல் தளர்ந்து, அழுத்தினால் நீர் கசியும். படத்தில் இதை ஈரப்பசையான மினுக்கம் என்று தவறாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. காய்களின் மேல் தண்ணீர் தெளித்துப் படம் எடுக்கக் கூடாது என்பதற்கு இது போதுமான காரணம். தெளித்த நீர் வாடலையும் மறைத்து, அழுகலையும் மறைக்கிறது. இன்னொரு குழப்பம் குளிர்சாதன அறையிலிருந்து வருவது. சுமார் 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்த கத்தரியில் சிறு குழிகளும் செம்பழுப்புத் திட்டுகளும் தோன்றும். அது நோயல்ல, குளிர்க்காயம். ஆனால் அந்தக் குழிகள் வழியாகப் பூஞ்சை விரைவில் நுழையும் என்பதால் அப்படிப்பட்ட காயை நெடுந்தூரம் அனுப்ப முடியாது.

ஒரு சரக்கை எடுத்துக்கொண்டு இந்த முறையை நடத்திப் பார்க்கலாம். 5 கிரேட் கத்தரி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் அடுக்கிய காய்களை மட்டும் படமெடுத்தால் அடுக்கியவரின் கைத்திறன்தான் தெரியும். எனவே ஒவ்வொரு கிரேட்டிலும் மேல், நடு, அடி என்று மூன்று அடுக்கிலிருந்தும் சேர்த்து 10 காய், மொத்தம் 50. எந்தக் காய் எந்த கிரேட்டில் எந்த அடுக்கு என்பதைச் சீட்டில் எழுதிக் காய்க்கு அருகே வைக்க வேண்டும். பத்துப் பத்தாகச் சாக்கில் பரப்பி, இரு வெளிச்சத்திலும் ஒருமுறை, புரட்டிப்போட்டு மறுமுறை. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்த படம் தோலின் பாதியைப் பார்ப்பதில்லை.

படங்களில் இப்படித் தெரிகிறது என்று கொள்வோம்: 3 காயில் புழுத்துளை, 1 காயில் பொட்டுகளோடு குழிந்த வட்டம், 4 காயில் ஒளிக்கோடு மங்கிப் புல்லியும் காய்ந்திருக்கிறது, 2 காயில் மங்கல் இருந்தும் புல்லி பச்சை, 3 காயில் கோடு ஓரிடத்தில் தட்டையாகிறது. மொத்தம் 13 குறை. பல காய்கறிகளுக்கான அக்மார்க் விதிகளில் முதல் தரத்துக்குப் பத்து சதவீதக் குறை வரை பொறுக்கப்படுகிறது. இங்கே அது 5 காய்தான். ஆகவே சரக்கு அப்படியே முதல் தரமாகப் போகாது. மறுபடி பிரிக்க வேண்டும். பிரித்தால் துளையும் அழுகலும் உள்ள 4 காய் கழிவு, வாடியதும் முற்றியதும் நசுங்கியதுமான 9 காய் இரண்டாம் தரம், மீதி 37 முதல் தரம்.

எண்ணிக்கையைவிடச் சீட்டுகள் சொல்வது அதிகம். வாடிய 4 காயும் மேலடுக்கில் இருந்தவை என்றால், கிரேட் வண்டியில் மூடாமல் வெயில்பட வந்திருக்கிறது. நசுங்கிய 3 காயும் அடியில் இருந்தவை என்றால், கிரேட்டை விளிம்புக்கு மேல் நிரப்பி மேலே இன்னொன்றை அடுக்கியிருக்கிறார்கள். முள்ளுக் கத்தரியாக இருந்தால் இன்னொரு சந்தேகமும் எழ வேண்டும். புல்லியிலுள்ள முள் பக்கத்துக் காயின் தோலில் குத்தும் சிறு காயம் படத்தில் வெறும் புள்ளியாகத்தான் தெரியும். மறுநாள் அழுகல் அங்கிருந்தே தொடங்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் போன்ற வகைகளில் காய்களின் தலைகளை ஒரே பக்கமாக அடுக்குவது இந்தக் குத்தலைக் குறைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் படத்துக்குத் தெரியாத ஒரு பெரிய குறை மீதியிருக்கிறது. காய்த்துளைப்பான் புழு மிகச் சிறிதாக இருக்கும்போதே காய்க்குள் நுழைகிறது. நுழைந்த வழி ஆறி மறைந்துவிடும். வெளியே தெரிவது புழு வளர்ந்து வெளியேறிய துளை மட்டுமே. ஆகவே படத்தில் எண்ணும் துளைகள் வெளியேறிய புழுக்களின் கணக்கு. உள்ளே இருப்பவை அதில் சேரவில்லை. துளை தெரிந்த சரக்கில், குறையற்றதாகத் தேறிய 37 காயில் 5 காயையாவது நீளவாக்கில் அறுத்துப் பார்க்க வேண்டும். அறுத்த முகத்தை ஒரு நிமிடத்துக்குள் படமெடுத்துவிடுவது முக்கியம். கத்தரிச் சதை காற்றுப் பட்டதும் தானே பழுப்பாகும், சற்றுத் தாமதித்த படத்தில் அந்தப் பழுப்பு உள்ளடியாகத் தெரியும். புதிதாக அறுத்த சதை வெண்மையாக இருந்து விதை மட்டும் பழுப்பாக இருந்தால் முற்றலையோ குளிர்க்காயத்தையோ ஐயுறலாம். ஓரிடத்தில் மட்டும் சதை பழுப்பேறித் தளர்ந்திருந்தால் அது அடி. புழு குடைந்த வழி கறுத்து வளைந்து செல்லும். ஐந்தில் ஒரு காயில் அந்த வழி இருந்தால் இன்னும் பத்துக் காயை அறுத்து, அதிலும் காணப்பட்டால், 37 காயின் முதல் தரத்தைத் திரும்பப் பெற்று முழுச் சரக்கையும் இரண்டாம் தரமாகவே விலை பேச வேண்டும்.