மலைப்பாதையில் இன்ஜின் கத்துது, கார் ஏறலையா? கிளட்ச் வழுக்குவதை கண்டுபிடிப்பது எப்படி?

70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில், ஐந்து பேருடன் மூன்றாவது கியரில் ஏறுகிறது ஒரு மேனுவல் கார். வேகம் 40 கி.மீ. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் ஆர்பிஎம் முள் 2,500-ல் இருந்து 3,500-க்கு தாவுகிறது. ஆனால் வேகம் அதே 40-தான். கூடவே ஏதோ கருகும் வாடை. "இன்ஜின்ல பவர் இல்ல" என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது.

மேனுவல் காரில் கியரை மாற்றாதவரை ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்துதான் ஏற வேண்டும். இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலை கிளட்ச் பிளேட் இறுகப் பிடித்து, கியர்பாக்ஸுக்கு சக்தியை அனுப்புகிறது. அந்தப் பிடி தளர்ந்தால் இன்ஜின் 3,500 சுற்று சுற்றும், கியர்பாக்ஸ் 2,500-லேயே நிற்கும். இடையில் உள்ள 1,000 சுற்றும் வெறும் உராய்வு. அதாவது இன்ஜின் தரும் சக்தியில் கால் பங்குக்கும் மேல் கிளட்ச்சிலேயே சூடாகப் போய்விடுகிறது. அந்த வாடை அங்கிருந்துதான் வருகிறது. இன்ஜினில்தான் கோளாறு என்றால், வேகத்தைப் போலவே ஆர்பிஎம்மும் ஏறாமல் திணறும்.

சமதளத்தில் தெரியாதது மேட்டில் ஏன் தெரிகிறது? ஏற்றத்தில் காரின் எடையையும் சேர்த்து இழுக்க வேண்டும். தேய்ந்த பிளேட்டால் அந்த இழுவையைத் தாங்க முடியாது.

சந்தேகம் இருந்தால், வண்டி நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் நான்காவது கியரில் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்திப் பாருங்கள். வேகத்தை விட்டுவிட்டு ஆர்பிஎம் மட்டும் தாவினால் கிளட்ச் வழுக்குகிறது. ஒருமுறை பார்த்தாலே போதும், திரும்பத் திரும்ப செய்தால் இருக்கிற பிளேட்டும் போய்விடும்.

நடுமலையில் இப்படி ஆனால் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். காலைத் தளர்த்தி, கீழ் கியருக்கு மாறி மெதுவாக ஏறுங்கள். கீழ் கியரில் அதே ஏற்றத்துக்கு கிளட்ச் தாங்க வேண்டிய சுமை குறையும். வாடை பலமாக வந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆற விடுவதுதான் நல்லது.

மெக்கானிக்கிடம் போனதும் "பிளேட் மாத்திடுங்க" என்று உடனே சொல்லிவிட வேண்டாம். கேபிள் கிளட்ச் என்றால், பெடலில் ஃப்ரீ பிளே இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது. பிளேட் இன்னும் கெடாமல் இருந்தால், கேபிளை சரிசெய்வதோடு வேலை முடிந்துவிடலாம்.

பிளேட்தான் போயிருக்கிறது என்றால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது லாபம். எப்படியும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், பெரிய கூலியே அதற்குத்தான். இறக்கிய பிறகு உள்ளே ஆயில் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கசியும் சீலை மாற்றாமல் விட்டால், ஆயில் பட்டு புது பிளேட்டும் வழுக்க ஆரம்பித்துவிடும்.