ஒப்புக்கொண்டால் ஆறு மாதம், மறுத்தால்?

சட்டக் கல்லூரித் தேர்வுகளில் வரக்கூடிய கேள்வி ஒன்று: ‘பிளீ பார்கெயினிங் முறையின் நன்மைகளையும், அதில் உள்ள கட்டாயப்படுத்தும் அபாயத்தையும் விவாதிக்க.’ குற்றம் சாட்டப்பட்டவர் முழு விசாரணையைக் கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், பதிலுக்குக் குறைந்த தண்டனை பெறுகிறார் என்பதே இந்த ஏற்பாடு. நீதிமன்றத்தின் நேரம் மிச்சமாகும் என்று ஒரு பத்தியும், ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்று இன்னொரு பத்தியும் எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடலாம். ஆனால் எந்த இடத்தில் சலுகை மிரட்டலாக மாறுகிறது என்பதை அந்தப் பதில் தொடவே இல்லை. அதைத் தொட வேண்டுமானால் ஒரு வழக்கைக் கையில் எடுத்தாக வேண்டும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பால் ஹேஸ் என்பவர் மீது போலிக் காசோலை வழக்கு. தொகை 88 டாலர் 30 சென்ட். அந்தக் குற்றத்துக்கு 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. ‘குற்றத்தை ஒப்புக்கொள், 5 ஆண்டு பரிந்துரைக்கிறேன். மறுத்தால், பழைய தண்டனைகளைச் சேர்த்து உன்னைப் பழக்கக் குற்றவாளி என்று குற்றம் சாட்டுவேன்’ என்றார் அரசு வழக்கறிஞர். ஹேஸ் முன்பு இரண்டு முறை தண்டிக்கப்பட்டவர். முதல் சம்பவத்தின்போது அவருக்கு வயது 17. பழக்கக் குற்றவாளி என்று தீர்ப்பானால் ஆயுள் தண்டனை தவிர வேறு வழி கிடையாது. ஹேஸ் மறுத்தார். அரசு வழக்கறிஞர் சொன்னதைச் செய்தார். ஜூரி குற்றவாளி என்றது. 88 டாலர் காசோலைக்கு ஆயுள் தண்டனை விழுந்தது.

1978-இல் ‘போர்டன்கிர்ச்சர் எதிர் ஹேஸ்’ என்ற பெயரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில், இது அரசியலமைப்புக்கு விரோதமில்லை என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டூவர்ட். ஏற்கவும் மறுக்கவும் ஒருவருக்குச் சுதந்திரம் இருக்கும்வரை, பேரத்தின் கொடுக்கல் வாங்கலில் பழிவாங்கல் இல்லை என்பது அவருடைய வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றச்சாட்டைச் சுமத்தச் சட்டம் முன்பே இடம் கொடுத்திருந்தது. அரசு வழக்கறிஞர் புதிதாக எதையும் இட்டுக்கட்டவில்லை. தொடக்கத்திலேயே அதைச் சுமத்திவிட்டு, பிறகு குறைத்துக்கொள்கிறேன் என்று பேசியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்ததால் மட்டும் தவறாகிவிடுமா?

எதிர்த்து எழுதிய நீதிபதிகளில் பவல் முக்கியமானவர். அரசு வழக்கறிஞர் முதலில் எல்லா விவரமும் தெரிந்துதான் சிறிய குற்றச்சாட்டைத் தேர்ந்தெடுத்தார். அப்படியானால், ஆயுள் தண்டனை என்ற பெரிய குற்றச்சாட்டு எதற்காக வந்தது? விசாரணை கேட்கும் உரிமையை ஹேஸ் பயன்படுத்தியதற்காக மட்டுமே வந்தது. என் பார்வையில் தேர்வுத்தாளின் பதில் இங்கேதான் தொடங்க வேண்டும். 5 ஆண்டுக்கும் ஆயுளுக்கும் நடுவில் உள்ள தூரம், காசோலை மோசடியின் கடுமையை அளக்கவில்லை. விசாரணை கேட்டதற்கான விலையை அளக்கிறது. அந்தத் தூரம் பெரிதாகப் பெரிதாக, குற்றம் செய்யாதவருக்கும் ஒப்புக்கொள்வதே புத்திசாலித்தனமாகத் தோன்றும். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் தண்டனைத் தீர்ப்புகளில் 97 சதவீதம் குற்ற ஒப்புதலால் வந்தவை என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே 2012-இல் குறிப்பிட்டது.

இந்தியாவில் 1980-இல் காசம்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பேரத்தையே ஏற்க மறுத்தது. குற்றமற்றவரும் நீண்ட விசாரணைக்குப் பயந்து ஒப்புக்கொள்வார் என்ற கவலை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பிறகு சட்ட ஆணையத்தின் பரிந்துரைகள் வந்தன. 2006 ஜூலையில் இது சட்டப்பூர்வ முறையானது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 289 முதல் 300 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது.

நம் சட்டம் ஹேஸ் வழக்கின் பாதையைப் பெரும்பாலும் அடைத்திருக்கிறது. 7 ஆண்டுக்கு மேல் தண்டனையுள்ள குற்றங்கள், பெண்களுக்கு எதிரானவை, குழந்தைகளுக்கு எதிரானவை ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டை ஏற்றி இறக்கிப் பேரம் பேசுவது இங்கு இல்லை. தண்டனை எவ்வளவு குறையும் என்பதற்குச் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் குற்றம் சாட்டப்பட்டவர்தான் மனு கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு இல்லாத தனி விசாரணையில், விருப்பப்பட்டுத்தான் கேட்கிறாரா என்று நீதிபதி சோதிக்க வேண்டும். பேச்சுவார்த்தையில் பாதிக்கப்பட்டவருக்கும் இடமுண்டு. எனக்கு மிகவும் பிடித்த நன்மை இதுதான். வாய்தாவுக்கு வாய்தா அலைந்து சாட்சிக்கூண்டில் ஏறி இறங்குவதற்குப் பதில், இழந்ததற்கு ஈடாக ஒரு தொகை அவருக்குச் சில வாரங்களில் கிடைக்க வழியிருக்கிறது.

இனி கட்டாயத்தின் பக்கம். ஒரு கற்பனை வழக்கைப் போட்டுப் பார்ப்போம். பேருந்து நிலையத்தில் 15,000 ரூபாய் கைபேசியைத் திருடியதாக ஓர் இளைஞர் கைதாகிறார். முன்பு எந்த வழக்கும் இல்லை. திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. நீதிமன்றம் ஜாமீன் தருகிறது. ஆனால் ஊர்விட்டு ஊர் வந்து கூலி வேலை செய்பவருக்குக் கையெழுத்துப் போட இரண்டு ஜாமீன்தாரர்கள் கிடைக்கவில்லை. சிறையிலேயே இருக்கிறார். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, குற்றச்சாட்டு வனைவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

குறைந்தபட்சத் தண்டனை நிர்ணயிக்கப்படாத குற்றத்தில், முதல்முறை சிக்கியவருக்கு அதிகபட்சத்தில் ஆறில் ஒரு பங்கைத் தண்டனையாக விதிக்கலாம் என்கிறது சட்டம். 36 மாதத்தில் ஆறில் ஒன்று 6 மாதம். ஏற்கெனவே சிறையில் இருந்த காலத்தை அதில் கழித்துக்கொள்ளலாம். அதாவது, ஒப்புக்கொண்டு பேரம் முடியும் நாளில் அவர் வெளியே வந்துவிடுவார். ‘நான் எடுக்கவில்லை’ என்று சொன்னால்? முதல்முறை விசாரணைக் கைதியை அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 479-வது பிரிவு சொல்கிறது. 36 மாதத்தில் மூன்றில் ஒன்று 12 மாதம். குற்றவாளி என்று சொல்பவருக்கு 6 மாதத்தில் திறக்கும் கதவு, நிரபராதி என்று சொல்பவருக்கு 12 மாதத்தில்தான் திறக்கிறது. அதன் பிறகும் வழக்கு தலைமேல் தொங்கும்.

இதில் யாரும் யாரையும் மிரட்டவில்லை. தனி விசாரணையில் நீதிபதி, ‘யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா?’ என்று கேட்டால், ‘இல்லை ஐயா’ என்பார் இளைஞர். அது உண்மையும்கூட. ஹேஸிடம் ஆயுள் தண்டனையைக் காட்டி அழுத்தம் கொடுத்தது ஒரு மனிதர். இங்கே அந்த வேலையைச் சிறைவாசம் செய்கிறது. இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வெளியே வந்த பிறகும் அவர் மேல் ஒரு தண்டனைத் தீர்ப்பு இருக்கும். அடுத்த முறை ஏதாவது வழக்கில் பெயர் சேர்ந்தால் ஆறில் ஒரு பங்குச் சலுகையும் இல்லை, மூன்றில் ஒரு பங்கு விடுதலையும் இல்லை. இந்தத் தீர்ப்பின் மேல் வழக்கமான மேல்முறையீடும் கிடையாது.

அதனால் இந்த முறையே வேண்டாம் என்று நான் எழுத மாட்டேன். உண்மையில் திருடியவருக்கும், கைபேசியைப் பறிகொடுத்தவருக்கும் இது நியாயமான வழிதான். சோதனையைத்தான் மாற்ற வேண்டும். கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்பதோடு நீதிபதி நிற்கக்கூடாது. எத்தனை நாள் சிறையில் இருந்தாய், ஜாமீன் கிடைத்தும் ஏன் போகவில்லை, குற்றப்பத்திரிகையை உன் வழக்கறிஞர் உனக்குப் படித்து விளக்கினாரா, கைபேசி யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். ஜாமீன்தாரர் இல்லாததுதான் தடை என்றால், முதலில் அவரைச் சொந்தப் பிணைப்பத்திரத்தில் வெளியே விட வேண்டும். 30 நாள் கெடு முடிவதற்குள், வெளியில் இருந்தபடியே சட்ட உதவி வழக்கறிஞரோடு உட்கார்ந்து பேசிவிட்டு அவர் வரட்டும். அப்போதும் அதே மனுவைக் கொடுத்தால், அதை விருப்பம் என்று ஏற்கலாம்.