பல் மருத்துவமனையின் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகள்

பல் மருத்துவமனைக்கு வரும் போனை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் வரவேற்பாளர்தான். அழைப்பவரை உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புவதா, இன்றே வரச் சொல்வதா, பிறகொரு நாளில் நேரம் கொடுப்பதா என்ற முடிவு அவர் கேட்கும் கேள்விகளிலிருந்தே பிறக்கிறது. நோய் என்னவென்று சொல்வது அவர் வேலையல்ல. எவ்வளவு விரைவில் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் கண்டறிய வேண்டும். அதற்காக எழுதி வைக்கப்படுவதே கேள்வித் தாள். ஸ்காட்லாந்தின் பல் மருத்துவ வழிகாட்டுதல் இந்த மூன்று நிலைகளுக்கும் காலவரம்பு வைத்திருக்கிறது: அவசரமானால் 60 நிமிடத்துக்குள் மருத்துவரின் தொடர்பு, அடுத்த நிலைக்கு 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை, மற்றவற்றுக்கு 7 நாட்களுக்குள்.

தாளின் முதல் வரி பெயரும் போன் எண்ணும் இருக்கும் இடமும். இணைப்பு பாதியில் துண்டித்தாலும் திரும்ப அழைக்க முடியும். அடுத்து வருவது ஆபத்துக் கேள்விகள். வலி எவ்வளவு என்பது இந்த வரிசையில் பின்னால்தான் வருகிறது. காரணம் எளிது: பல்லுக்குள் சீழ் கட்டும்போது அழுத்தத்தால் வலி உச்சத்தில் இருக்கும், சீழ் எலும்பைத் துளைத்து வெளியே பரவியதும் அழுத்தம் இறங்கி வலி குறையும். அழைப்பவர் குணமாவதாக நினைக்கும் அந்த நேரத்தில்தான் வீக்கம் கழுத்துப் பக்கம் இறங்கக்கூடும்.

ஓர் அழைப்பை எடுத்துக்கொள்ளலாம். “மூணு நாளா கடைவாய்ப் பல்லு வலிங்க. நேத்துலேர்ந்து பரவாயில்லை, கொஞ்சம் வீங்கியிருக்கு. அடுத்த வாரம் வரலாமா?” என்கிறார் ஒருவர். வரவேற்பாளர் தேதியைத் தேடாமல் தாளைப் பார்க்கிறார். “வீக்கம் எங்கே இருக்குங்க?” தாடைக்குக் கீழே. “வாய்க்குள்ள எத்தனை விரல் நுழையுது?” ஒன்றுதான், இயல்பாக மூன்று விரல் நுழையும். “எச்சில் முழுங்கறப்போ எப்படி இருக்கு?” கஷ்டமாக இருக்கிறது. இது பல் நாற்காலியில் தீர்க்கும் விஷயமல்ல. நாக்குக்கு அடியில் பரவும் தொற்று மூச்சுக்குழலை அடைத்துவிடும். உடனே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கினால் 108. மார்வலியும் வியர்வையும் சேர்ந்த தாடை வலிக்கும் இதே பதில்தான், ஏனென்றால் அது மாரடைப்பாக இருக்கலாம்.

சில அழைப்புகளில் ஆலோசனையே முதல் சிகிச்சை. விளையாடும்போது நிரந்தரப் பல் முழுதாக விழுந்துவிட்டால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலில் மெதுவாக அலசி, அதே குழியில் திரும்ப வைத்து, துணியைக் கடித்துக்கொண்டு கிளம்பச் சொல்ல வேண்டும். வைக்க முடியாவிட்டால் பல்லைப் பாலில் போட்டு எடுத்து வரலாம். ஒரு மணி நேரம் காய்ந்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பால் பல்லைத் திரும்பப் பொருத்துவதில்லை; ஆகவே வயதை முதலில் கேட்க வேண்டும். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல் இரண்டாம்பட்சம்.

தூக்கத்தைக் கெடுக்கும் வலி, வாயும் விழுங்குதலும் சரியாக இருக்கும் சிறு வீக்கம், நரம்பு தெரியும்படி உடைந்த பல் ஆகியவை இன்றைக்கே பார்க்க வேண்டியவை. பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியைச் சுருட்டி 20 நிமிடம் அழுத்திக் கடிக்கச் சொல்லலாம். அப்போதும் நிற்காவிட்டாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றாலோ மருத்துவரிடம் இணைப்பைக் கொடுக்க வேண்டும். வலியில்லாமல் விழுந்த அடைப்பு, ஈறில் லேசான கசிவு, சுத்தம் செய்தல் ஆகியவற்றுக்கு வழக்கமான நேரம் போதும்.

தவறு நேர்வது பெரும்பாலும் கேட்கும் விதத்தில். “மூச்சுத் திணறல் எல்லாம் இல்லையே?” என்றால் “இல்லை” என்ற பதிலைக் கையில் கொடுத்ததாகிவிடும். “மூச்சு எப்படி இருக்கு?” என்று கேட்டால் உண்மை வரும். அம்மாவுக்காக மகன் பேசினால், முடிந்தால் அம்மாவிடமே போனைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அவர் வாக்கியத்தை முடிக்கத் திணறுவது கேட்கும்போதே தெரிந்துவிடும். “தெரியவில்லை” என்ற பதிலை “ஆம்” என்றே கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு நிலை மேலே ஏற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரையின் பெயரையோ அளவையோ வரவேற்பாளர் சொல்லக்கூடாது.

ஒவ்வொரு அழைப்பும் எச்சரிக்கையோடு முடிய வேண்டும்: வீக்கம் பெருகினால், காய்ச்சல் வந்தால், விழுங்க முடியாமல் போனால், கொடுத்த நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். சொன்னதையும் அழைத்த நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். பிறகொரு நாள் என்று குறிக்கப்பட்டவர்களில் யாரெல்லாம் இடையிலேயே அவசரமாக வந்தார்கள் என்பதை அந்தக் குறிப்பில் பார்த்தால், தாளில் எந்தக் கேள்வி விடுபட்டது என்று மருத்துவரால் கண்டுபிடித்துச் சேர்க்க முடியும்.