‘மீடியா கிட் அனுப்புங்க’ என்றால் எதை அனுப்புவது?

திருச்சியில் மாடித்தோட்டம் பற்றி யூடியூபில் வீடியோ போடும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு 42,000 சப்ஸ்கிரைபர்கள். ஒருநாள் தென்னைநார்க் கட்டி விற்கும் ஒரு கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வருகிறது: “எங்கள் பொருளைப் பற்றி ஒரு வீடியோ செய்ய முடியுமா மேடம்? உங்கள் மீடியா கிட் அனுப்புங்கள்.”

பலரும் இந்த இடத்தில் சேனல் லிங்க்கை அனுப்பி, “42 ஆயிரம் சப்ஸ்கிரைபர் இருக்காங்க சார், ரேட் நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு பதில் வராது. வந்தாலும், “இரண்டு கட்டி இலவசமாக அனுப்புகிறோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மீடியா கிட் என்பது இரண்டு, மூன்று பக்கத்தில் அடங்கும் ஒரு பிடிஎஃப். நான் யார், என்னை யார் பார்க்கிறார்கள், இதுவரை என்ன செய்திருக்கிறேன், என்ன விலை என்ற நான்கு கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும். இது இணையத்தோடு வந்த வழக்கம் அல்ல. நாளிதழ்களும் வார இதழ்களும் வெகுகாலமாக விளம்பரதாரர்களுக்கு ரேட் கார்டு அனுப்பி வருகின்றன. எத்தனை பிரதி விற்கிறது, பின்னட்டைக்கு என்ன விலை, கால் பக்கத்துக்கு என்ன விலை என்று அதில் இருக்கும். அந்த விற்பனை எண்ணிக்கையைத் தணிக்கை செய்து சான்று தர, ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ் என்ற அமைப்பு 1948 முதல் இந்தியாவில் இருக்கிறது.

தனியாளாக வீடியோ போடுபவருக்கு அப்படிச் சான்று தர யாரும் இல்லை. எனவே அவர் எழுதும் ஒவ்வோர் எண்ணும், எங்கிருந்து எடுத்தது என்பதைத் தானே காட்டியாக வேண்டும்.

எந்த எண்ணை எழுதுவது?

கம்பெனிக்காரருக்கு சப்ஸ்கிரைபர் எண்ணிக்கை பெரிதாக உதவாது. மூன்று வருடம் முன்பு பட்டனை அழுத்தியவர் இன்று பார்க்கிறாரா என்பது அதில் தெரியாது. “இப்போது ஒரு வீடியோ போட்டால் எத்தனை பேர் பார்ப்பார்கள்?” என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்கு நேர்மையான விடை கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

வெளியாகி 30 நாள் கடந்த கடைசி பத்து வீடியோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் யூடியூப் ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸ் பகுதியில், வெளியான நாளிலிருந்து 30 நாள்களை மட்டும் தேர்ந்தெடுத்து வியூஸைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் திருச்சித் தோழிக்குக் கிடைத்தவை இவை என்று வைத்துக்கொள்வோம்: 3,100, 3,400, 3,800, 4,200, 4,500, 4,900, 5,300, 6,100, 7,200, 1,10,000.

கடைசியில் இருப்பது, கறிவேப்பிலைச் செடி துளிர்க்கும் வழி பற்றி எடுத்து எப்படியோ ஓடிவிட்ட வீடியோ. பத்தையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் சராசரி 15,250 வரும். அதைக் கிட்டில் எழுத யாருக்கும் ஆசை வரும். ஆனால் பத்தில் ஒன்பது வீடியோக்கள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் 4,500, 4,900 இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணை எடுத்தால் 4,700. அடுத்த வீடியோவுக்கு எதிர்பார்க்கக்கூடியது இதுதான்.

15,250 என்று சொல்லி 4,700 கொடுத்தால் கம்பெனி இரண்டாம் முறை வராது. 4,700 என்று சொல்லி 5,300 கொடுத்தால் அடுத்த மாதமும் அழைப்பு வரும். ஓடிய அந்த ஒரு வீடியோவை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. “அதிகபட்சம்: 1.1 லட்சம்” என்று தனி வரியில் போடலாம்.

நீள வீடியோவின் வியூஸையும் ஷார்ட்ஸ் வியூஸையும் ஒன்றாகக் கூட்டவே கூடாது. 2025 மார்ச் 31 முதல் யூடியூப், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலோ மறுபடி ஓடினாலோ அதை ஒரு வியூவாகக் கணக்கிடுகிறது. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அந்தக் கணக்கில் வருவார். ஆகவே ஷார்ட்ஸ், நீள வீடியோ, இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் மூன்றுக்கும் தனித்தனி வரி வேண்டும்.

பார்ப்பவர் எந்த ஊர்?

அடுத்து ஆடியன்ஸ் பகுதி. வயது, ஆண்-பெண் விகிதம், நாடு ஆகிய மூன்றும் கட்டாயம். தமிழ் சேனல்களுக்கு நாடு என்ற வரி மற்றவர்களைவிட முக்கியம். நம் தோழியின் பார்வையாளர்களில் 71 சதவீதம் பேர்தான் இந்தியாவில் இருக்கிறார்கள், மீதிப் பேர் இலங்கை, மலேசியா, வளைகுடா நாடுகளில் என்று வைத்துக்கொள்வோம். தென்னைநார்க் கட்டிக் கம்பெனி இந்தியாவுக்குள் மட்டும்தான் பொருள் அனுப்புகிறது. ஆக 4,700 வியூஸில் அதற்குப் பயன்படுவது சுமார் 3,300.

இது தெரிந்தால் விலை குறைந்துவிடுமே என்று மறைப்பவர்கள் உண்டு. ஆனால் அனுபவமுள்ள விளம்பர ஏஜென்சி, ஸ்டூடியோ பக்கத்தைத் திறந்து காட்டும்படி ஸ்கிரீன் ரெக்கார்டிங் கேட்கும். அப்போது வெளிவருவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. அதோடு, இன்று குறையாகத் தெரியும் அந்த 29 சதவீதம், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் செயலிக்கோ கோலாலம்பூர் விதைக் கடைக்கோ முதல் பக்கத்தில் போடவேண்டிய எண்ணாகிவிடும். ஒரே கிட்டை எல்லாருக்கும் அனுப்பாமல், கேட்பவருக்கு ஏற்ப வரிசையை மாற்றுவது இதற்காகத்தான்.

எண்களை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஸ்கிரீன்ஷாட்டையும் வையுங்கள். தேதி வரும் இடத்தை வெட்டிவிடாதீர்கள். தேதி இல்லாத ஸ்கிரீன்ஷாட், நல்ல மாதத்தைத் தேடி எடுத்ததோ என்ற சந்தேகத்தைத் தரும்.

செய்த வேலை

பல கிட்களில் இந்தப் பக்கம் லோகோக்களின் கண்காட்சியாக இருக்கிறது. பத்து லோகோவைவிட முழுதாகச் சொன்ன இரண்டு வேலை மேல். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி போதும்: அவர்கள் கேட்டது என்ன, செய்தது என்ன, எத்தனை பேர் பார்த்தார்கள், அதனால் என்ன நடந்தது. கடைசி வரிக்கு, கொடுத்த லிங்க்கை எத்தனை பேர் அழுத்தினார்கள், தள்ளுபடிக் கோடு எத்தனை முறை பயன்பட்டது என்ற கணக்கு வேண்டும். வேலை முடிந்ததும் கம்பெனியிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, கிட்டில் போட அனுமதியும் பெற்றுவிடுங்கள். அது வெளியே சொல்லக்கூடாத கணக்கு என்று ஒப்பந்தத்தில் இருக்கலாம்.

இலவசமாக வந்த ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் காட்டிய வீடியோவுக்கு, அந்த பிராண்டோடு ‘இணைந்து பணியாற்றினேன்’ என்று எழுதாதீர்கள். விளம்பர வேலையே இதுவரை செய்யாதவர், சொந்தக் காசில் வாங்கிய மண்வெட்டியைப் பற்றிப் போட்ட வீடியோவை வைக்கலாம். அதன் கீழே “இது எங்கே கிடைக்கும் அக்கா?” என்று வந்த கேள்விகளின் படத்தையும், கேட்டவர்களின் பெயரை மறைத்து, சேர்க்கலாம். பொருள் வாங்கும் எண்ணத்தோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

விலையை எப்படிப் போடுவது?

விலைக்கு இரண்டு கணக்கு போட வேண்டும். முதலாவது அடிவிலை. தோழிக்கு இரண்டு நாள் உழைப்பு, நாளுக்கு 1,500 வீதம் 3,000, எடிட்டருக்கு 2,500, போக்குவரத்து, சில்லறைச் செலவு 500. ஆக 6,000. இதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டு விளம்பரம் செய்கிறார் என்று பொருள்.

இரண்டாவது வியூஸ் கணக்கு. ஒரு வியூவுக்கு இவ்வளவு என்று கம்பெனிகள் மனதுக்குள் ஒரு விலை வைத்திருக்கும். முதலீடு பற்றிப் பேசும் சேனலுக்கு அது கூடும், சிரிப்பு வீடியோவுக்குக் குறையும். 2 ரூபாய் என்று வைத்தால் 4,700 வியூவுக்கு 9,400. இந்தியப் பார்வையாளர்களை மட்டும் கணக்கிட்டால் 6,600. ஆக, தோழி 9,500 என்று எழுதலாம். பேரத்தில் 6,600 வரை இறங்கலாம். 6,000 என்பது வாசற்படி. அதைத் தாண்டி இறங்க வேண்டியதில்லை.

விலைக்குப் பக்கத்தில் அதற்குள் என்னென்ன அடக்கம் என்று எழுதாவிட்டால் பின்னால் தகராறுதான். எத்தனை நிமிடம் பொருளைப் பற்றிப் பேச்சு, எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு, மீதி எத்தனை நாளில் என்று போடுங்கள். இரண்டு திருத்தம், பாதி முன்பணம் என்பது கேட்கக்கூடியதே. பலர் ஏமாறுவது இன்னோர் இடத்தில். அந்த வீடியோவைக் கம்பெனி எடுத்துத் தன் சொந்த விளம்பரமாக மாதக்கணக்கில் ஓட்டும். அதற்குத் தனிக் கட்டணம். “மூன்று மாதம் வேறு உரக் கம்பெனிக்கு வீடியோ செய்யக்கூடாது” என்றால் அதற்கும் தனிக் கட்டணம். அந்த மூன்று மாதத்தில் வரக்கூடிய வேறு வேலையை அவர் இழக்கிறார் அல்லவா?

பணம் கைக்கு வரும்போது குறைந்திருந்தால் பதற வேண்டாம். ஒரே கம்பெனி ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் தந்தால், பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொள்ளும். வருமான வரிக் கணக்கில் அதைக் காட்டிக்கொள்ளலாம். பணத்துக்குப் பதில் பொருளாகத் தந்தாலும், ஆண்டுக்கு 20,000 ரூபாய் மதிப்பைத் தாண்டினால் 2022 ஜூலை முதல் அதற்கும் 10 சதவீத வரிப்பிடித்தம் உண்டு.

ரேட் பக்கத்தின் அடியில் ஒரு வரி மாறாமல் இருக்கட்டும்: “விளம்பரம் என்பது வீடியோவில் அறிவிக்கப்படும்.” இந்திய விளம்பரத் தர அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-ல் வெளியிட்ட நெறிமுறை அதைக் கேட்கிறது. இரண்டு நிமிடத்தைத் தாண்டும் வீடியோவில், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் அந்த அறிவிப்பு திரையில் தெரிய வேண்டும். “அதைப் போடாமல் செய்ய முடியுமா?” என்று கேட்கும் கம்பெனியை ஆரம்பத்திலேயே விலக்கிவிட இந்த ஒரு வரி உதவும்.

அனுப்பும் முன்

ரேட்டைத் தனிப் பக்கமாக வைத்துக்கொண்டால், விலை கேட்காதவருக்கு அதை எடுத்துவிட்டு அனுப்பலாம். தொடர்புக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். வீட்டு முகவரி, பான் எண், வங்கிக் கணக்கு எதுவும் கிட்டில் வேண்டாம். அவை பில்லில் எழுதவேண்டியவை. முகப்பில் எந்த மாதத்துக் கணக்கு என்று குறித்துவிடுங்கள். பத்து வீடியோக்களின் கணக்கு சீக்கிரம் பழசாகிவிடும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் போட வேண்டும். போன வருடம் 4,700 ஆக இருந்தது இன்று 2,900 ஆக இறங்கியிருந்தால், கிட்டிலும் 2,900 என்றே இருக்கட்டும். சான்று தர வேறு ஆளில்லாத தொழிலில், சொன்ன எண்ணும் வந்த எண்ணும் ஒத்துப்போவதுதான் சான்று.