ஒரு முனை தெரிந்தால் போதும்

ஒரு தாளில் மூன்று நேர்க்கோடுகளை வரையுங்கள். எந்த இரண்டும் இணையாக இல்லாமல், மூன்றும் ஒரே புள்ளியில் வெட்டாமல் இருந்தால் அவற்றுக்கு நடுவே ஒரு முக்கோணம் அடைபட்டே தீரும். கோடுகளின் சமன்பாடுகள் மட்டும் கையில் இருக்கும்போது அந்த முக்கோணத்தின் பரப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? எஸ். எல். லோனி 1895-இல் எழுதிய ஆயத்தொலை வடிவியல் நூலில் இத்தகைய கணக்குகள் உண்டு. இன்றும் பத்தாம் வகுப்பிலிருந்து நுழைவுத் தேர்வு வரை அவை கேட்கப்படுகின்றன.

இந்த மூன்று கோடுகளை எடுத்துக்கொள்வோம்:

x − y + 1 = 0
2x + y − 10 = 0
x + 4y − 6 = 0

பள்ளியில் சொல்லித்தரும் வழி நேரானது. இரண்டிரண்டு சமன்பாடுகளாகச் சேர்த்துத் தீர்த்தால் மூன்று முனைகளும் கிடைக்கும். அவற்றின் ஆயத்தொலைவுகளைப் பரப்புச் சூத்திரத்தில் இட்டால் விடை வந்துவிடும். முதல் இரண்டு கோடுகளைச் சேர்த்தால் (3, 4) என்ற புள்ளி சுலபமாகக் கிடைக்கிறது. முதல் கோட்டையும் மூன்றாவதையும் சேர்த்தால் (2/5, 7/5). இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்தால் (34/7, 2/7). இனி இந்தப் பின்னங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஆறு முறை பெருக்கி, மூன்றைக் கூட்டி, மூன்றைக் கழிக்க வேண்டும். வழியில் தவறேதும் இல்லை. ஆனால் பெரும்பாலான மாணவர்கள் பிழை செய்வது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு ஒன்று. இத்தனை பெருக்கல்களுக்குப் பிறகும், விடை ஏன் அந்த எண்ணாக வந்தது என்பது தெரிவதே இல்லை.

இரண்டு முனைகளைத் தேடாமலே விடைக்குப் போக முடியும். (3, 4) என்ற ஒரு முனை போதும்.

அதற்கு முன் ஒரு சமன்பாடு என்ன சொல்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். x + 4y − 6 = 0 என்பது மூன்றாவது கோடு. கோட்டின் மேல் உள்ள எந்தப் புள்ளியை இட்டாலும் இடப்பக்கம் பூச்சியம் ஆகும். கோட்டில் இல்லாத புள்ளியை இட்டால் பூச்சியம் வராது, வேறு ஒரு மதிப்பு வரும். (3, 4)-ஐ இட்டுப் பாருங்கள்: 3 + 16 − 6 = 13. இந்த 13 வீணான எண் இல்லை. அந்தப் புள்ளியிலிருந்து மூன்றாவது கோட்டை அடைய வேண்டுமானால் இந்த மதிப்பு 13-லிருந்து 0 வரை இறங்க வேண்டும் என்று அது சொல்கிறது.

(3, 4)-இல் நின்று முதல் கோட்டின் மேலேயே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். x − y + 1 = 0 என்ற கோட்டில் x ஒன்று குறைந்தால் y-யும் ஒன்று குறையும். இதை ஓர் அடி என்போம். ஓர் அடி வைத்ததும் (2, 3)-க்கு வந்துவிடுகிறோம். அங்கே x + 4y − 6-இன் மதிப்பு 2 + 12 − 6 = 8. அதாவது 13 இருந்த இடத்தில் 8, ஓர் அடிக்கு 5 குறைகிறது. அப்படியானால் பூச்சியத்தை அடைய 13/5 அடிகள் வேண்டும்.

இப்போது மறுபடி (3, 4)-இல் தொடங்கி இரண்டாவது கோட்டின் மேல் நடப்போம். 2x + y − 10 = 0-இல் x ஒன்று கூடினால் y இரண்டு குறையும். முதல் அடியில் (4, 2)-க்கு வருகிறோம். அங்கே மதிப்பு 4 + 8 − 6 = 6. ஓர் அடிக்கு 7 குறைந்திருக்கிறது. ஆகவே இந்தப் பக்கம் 13/7 அடிகள்.

முக்கோணத்தின் இரண்டு பக்கங்களும் இப்போது அடிக்கணக்கில் கிடைத்துவிட்டன. மீதி இருப்பது, ஒவ்வொரு பக்கமும் ஒரே ஓர் அடி நீளமாக இருந்தால் பரப்பு எவ்வளவு என்ற கேள்வி. அந்தச் சிறிய முக்கோணத்தின் முனைகள் (3, 4), (2, 3), (4, 2). வரைபடத்தாளில் குறித்தால் அது பக்கம் 2 கொண்ட ஒரு சதுரத்துக்குள் அடங்குகிறது. சதுரத்தின் பரப்பு 4. முக்கோணத்துக்கு வெளியே மூலைகளில் மிஞ்சும் மூன்று செங்கோண முக்கோணங்களின் பரப்புகள் 1/2, 1, 1. கழித்தால் 3/2.

ஒரு முக்கோணத்தில் ஒரு கோணத்தை மாற்றாமல் அதன் ஒரு பக்கத்தை இரண்டு மடங்கு நீட்டினால் பரப்பும் இரண்டு மடங்காகும், ஏனென்றால் மற்றப் பக்கத்தை அடியாகக் கொண்டால் உயரம் இரட்டிக்கிறது. அதே காரணத்தால் நம் சிறிய முக்கோணத்தின் ஒரு பக்கத்தை 13/5 மடங்கும் மறுபக்கத்தை 13/7 மடங்கும் நீட்டினால் பரப்பு

3/2 × 13/5 × 13/7 = 507/70

ஆகிறது. ஏறத்தாழ 7.24 சதுர அலகுகள். மூன்று முனைகளையும் வைத்துப் பழைய வழியில் செய்தாலும் இதே 507/70தான் வரும். சந்தேகம் இருப்பவர்கள் ஒரு முறை செய்து பார்க்கலாம்.

இந்தப் பெருக்கலில் வந்த 3, 5, 7 என்ற எண்களைக் கவனியுங்கள். இவற்றுக்கு நடந்தே பார்க்க வேண்டும் என்பதில்லை. இரண்டு கோடுகளின் x, y கெழுக்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்தாலே அவை வந்துவிடும். முதல் இரண்டு கோடுகளின் கெழுக்கள் 1, −1 மற்றும் 2, 1. குறுக்கே பெருக்கினால் 1×1 − 2×(−1) = 3. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் 1×4 − 1×(−1) = 5. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 2×4 − 1×1 = 7. இந்த எண்களைக் குறுக்கு வேறுபாடுகள் என்று அழைப்போம். குறி எதுவாக வந்தாலும் மிகை எண்ணாக எடுத்துக்கொண்டால் போதும்.

ஆக முறை இவ்வளவுதான். இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியைக் கண்டுபிடித்து, அதை மூன்றாவது சமன்பாட்டில் இட்டு மதிப்பை எடுங்கள். அந்த மதிப்பின் வர்க்கத்தை முதல் இரண்டு கோடுகளின் குறுக்கு வேறுபாட்டால் பெருக்கி, மற்ற இரு குறுக்கு வேறுபாடுகளாலும் 2-ஆலும் வகுக்க வேண்டும். நம் கணக்கில் 169 × 3 ÷ (2 × 5 × 7).

பதினோராம் வகுப்பில் அணிக்கோவை படித்தவர்களுக்கு இதன் இன்னொரு உருவம் பழக்கமாக இருக்கலாம். மூன்று சமன்பாடுகளின் ஒன்பது எண்களையும் அடுக்கினால் வரும் அணிக்கோவையின் வர்க்கத்தை, மூன்று குறுக்கு வேறுபாடுகளின் பெருக்கலின் இருமடங்கால் வகுப்பது. நம் கோடுகளுக்கு அணிக்கோவை 39. அது 13-ஐயும் 3-ஐயும் பெருக்கி வந்ததுதான். 39 × 39 ÷ (2 × 3 × 5 × 7) என்று போட்டாலும் 507/70. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் இந்த உருவத்தை மனப்பாடம் செய்கிறார்கள். வர்க்கம் எங்கிருந்து வந்தது, கீழே ஏன் மூன்று எண்கள் நிற்கின்றன என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. அந்தப் பதில்தான் இந்தக் கணக்கின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

வர்க்கத்துக்குக் காரணம், மூன்றாவது கோட்டைத் திசை மாற்றாமல் நகர்த்திப் பார்த்தால் தெரியும். சமன்பாட்டில் −6 என்ற எண்ணை மட்டும் மாற்றினால் கோடு தனக்கு இணையாகவே நகரும். −6-ஐ +7 ஆக்குங்கள். (3, 4)-இல் மதிப்பு 26 ஆகிறது, முன்பைவிட இரண்டு மடங்கு. இரு பக்கங்களின் அடிக்கணக்கும் இரட்டிக்கின்றன, பரப்பு நான்கு மடங்காகிறது. −6-ஐ −19 ஆக்கினால் மதிப்பு பூச்சியம். கோடு (3, 4) வழியாகவே போகிறது. மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் வெட்டுவதால் முக்கோணம் மறைந்து, பரப்பும் பூச்சியமாகிறது. −32 ஆக்கினால் மதிப்பு −13. புள்ளியின் மறுபக்கத்தில் தலைகீழாக அதே அளவு முக்கோணம் ஒன்று தோன்றுகிறது. வர்க்கம் எடுப்பதால் அதற்கும் அதே பரப்பு வந்துவிடுகிறது.

கீழே உள்ள எண்களுக்கும் இப்படியே பொருள் உண்டு. இரண்டு கோடுகள் இணையானால் அவற்றின் குறுக்கு வேறுபாடு பூச்சியம். அப்போது ஓர் அடி வைத்தாலும் ஆயிரம் அடி வைத்தாலும் மதிப்பு குறையாது, மூன்றாவது கோட்டை எட்டவே முடியாது. சூத்திரமும் பூச்சியத்தால் வகுக்கச் சொல்லி நின்றுவிடும். ஆகவே கணக்கைத் தொடங்கும்போதே மூன்று குறுக்கு வேறுபாடுகளையும் போட்டுவிடுவது நல்லது. ஒன்று பூச்சியமானால் முக்கோணமே இல்லை என்று அங்கேயே எழுதிவிடலாம்.

பூச்சியமாகாமல் மிகச் சிறியதாக இருந்தால் வேறு எச்சரிக்கை தேவை. அளந்து எடுத்த எண்களிலிருந்து சமன்பாடுகளை எழுதியிருந்தால், ஏறத்தாழ இணையான இரு கோடுகளில் சிறு பிழையும் விடையைப் பெரிதாக மாற்றும். கீழே 0.1 வர வேண்டிய இடத்தில் 0.2 வந்தால் பரப்பு ஏறத்தாழ பாதியாகிவிடும். அத்தகைய இடத்தில் பல தசம இலக்கங்களோடு விடை எழுதுவதில் பொருளில்லை.

கணக்குப் போடும்போது இன்னும் இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். 13 என்ற மதிப்பைப் புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தொலைவு என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். அது தொலைவு இல்லை. தொலைவு வேண்டுமானால் அதை √(1² + 4²), அதாவது √17-ஆல் வகுக்க வேண்டும். நம் முறையில் அந்த வகுத்தல் தேவைப்படாததால்தான் வர்க்கமூலமே எட்டிப் பார்க்காமல் விடை வருகிறது. அடுத்தது, சமன்பாடு 2x + y = 10 என்று கொடுக்கப்பட்டிருந்தால் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்த பிறகே புள்ளியை இட்டு மதிப்பு எடுக்க வேண்டும். குறுக்கு வேறுபாட்டில் மாறிலிக்கு வேலை இல்லை. மதிப்பு எடுக்கும் இடத்தில் அது இல்லாமல் முடியாது.

ஒரு சமன்பாட்டை முழுவதுமாக 2-ஆல் பெருக்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி எழலாம். கோடு மாறாது, ஆகவே பரப்பும் மாறக் கூடாது. மூன்றாவது சமன்பாட்டை 2x + 8y − 12 = 0 என்று எழுதினால் மதிப்பு 26, அதன் வர்க்கம் நான்கு மடங்கு. ஆனால் கீழே 5 பத்தாகிறது, 7 பதினான்காகிறது, அங்கேயும் நான்கு மடங்கு. இரண்டும் அடிபட்டு அதே 507/70 நிற்கிறது. சூத்திரத்தைப் பாதி மறந்துவிட்டால் இந்தச் சோதனையை வைத்தே மீட்டுவிடலாம்: எந்தச் சமன்பாட்டைப் பெருக்கினாலும் விடை மாறினால் எங்கோ ஓர் எண் விடுபட்டிருக்கிறது.

வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: x + 2y − 8 = 0, 3x − y − 3 = 0, x + y + 1 = 0. முதல் இரண்டும் (2, 3)-இல் வெட்டுகின்றன, மூன்றாவதில் அதன் மதிப்பு 6, குறுக்கு வேறுபாடுகள் 7, 1, 4. பரப்பு 31.5 சதுர அலகுகள் வர வேண்டும்.